சிங்கப்பூரில் ‘ஊர்’ இருக்கிறதா?

மகளுக்குத் தமிழ்ப் பாடத்தில் ஊர்ப்பெயர் பட்டியல் ஒன்று கொடுத்திருந்தார்கள். தஞ்சாவூர், காரைக்குடி, கோபிசெட்டிபாளையம் என்று எழுதிவிட்டு, ஊர் என்று முடியும் வரிசையில் சிங்கப்பூரையும் சேர்த்துவிட்டாள். "கடைசியில ஊர் இருக்கேப்பா!" என்றாள்.

இல்லை. இது சிங்கபுரா. சிங்கம், புரம் இரண்டும் சேர்ந்தது. நாக்பூர், ஜெய்ப்பூர் மாதிரி ‘புரம்’ நம் வாயில் ‘பூர்’ ஆகிவிட்டது. சோதித்துப் பார்க்க எளிய வழி ஒன்று உண்டு. ‘ஊர்’ என்பதைக் கழற்றினால் மிச்சம் ஒரு சொல்லாக நிற்க வேண்டும். புத்தூரில் ‘புது’ நிற்கிறது. ஆத்தூரை ஆற்றூர் என்று திருத்தினால் ‘ஆறு’ நிற்கிறது. சிங்கப்பூரில் கழற்றினால் ‘சிங்கப்ப்’ என்று ஏதோ தொங்குகிறது.

சரி, இந்தச் சோதனை எப்போதும் போதுமா? போதாது. எனக்குப் பிடித்த உதாரணம் காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் உத்தரமேரூர். குடவோலைத் தேர்தல் கல்வெட்டுக்குப் பேர்போன இடம். ‘ஊர்’ கழற்றினால் உத்தரமேரு நிற்கிறது, சோதனையில் பாஸ். ஆனால் முதலாம் பராந்தகன் காலத்தில், 919, 921 ஆண்டுகளில் வெட்டிய அந்தக் கல்வெட்டுகளில் அதன் பெயர் உத்தரமேரு சதுர்வேதிமங்கலம். நான்கு வேதம் கற்ற பிராமணர்களுக்குக் கொடுத்த ஊருக்கு மங்கலம் என்று பெயர் வைப்பார்கள்.

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. சோழர் காலத்தில் ‘ஊர்’ என்பது இடத்துக்கு மட்டும் பெயரல்ல. வேளாளர் கிராமத்தில் கூடி முடிவெடுக்கும் அவைக்கும் ‘ஊர்’ என்றுதான் பெயர். பிராமணர் கிராமத்தின் அவை ‘சபை’. உத்தரமேரூரில் தேர்தல் நடத்தியது சபை. அப்படியென்றால் இன்றைய பெயரின் விகுதியைப் பார்த்து, "இது பழைய வேளாளர் கிராமம்" என்று ஒருவர் முடிவு கட்டினால் தப்பாகப் போய்விடும். மங்கலம் உதிர்ந்து, வழக்கில் ஊர் ஒட்டிக்கொண்டது. முகநூலில் தினமும் வரும் "உங்கள் ஊர்ப்பெயரின் ரகசியம்" படங்களை நான் நம்பாததற்குக் காரணம் இதுதான். கல்வெட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று யாரும் கேட்பதில்லை.

பாளையம் கொஞ்சம் நேர்மையான விகுதி. படை தங்கும் இடம் என்று பொருள். மதுரை நாயக்கர்கள் நாட்டைப் பாளையங்களாகப் பிரித்த பிறகு இந்தச் சொல் நிறையப் புழங்கியது. ஆனாலும் கொங்குப் பக்கம் ஒவ்வொரு பாளையத்திலும் ஒரு பாளையக்காரர் இருந்தார் என்று நினைக்காதீர்கள். வெறும் குடியிருப்புக்கும் அதே பெயர் வைத்திருக்கிறார்கள். குடி என்றால் குடும்பம், அவர்கள் வாழும் இடம். காரைக்குடியும் தூத்துக்குடியும் அந்த வகை.

இவ்வளவையும் சொல்லி முடித்தேன். மகள் சிங்கப்பூரை அடித்துவிட்டு, "அப்ப கோலாலம்பூர்?" என்றாள். அது மலாய், ‘லும்பூர்’ என்றால் சேறு என்றேன். "அதுலயும் ஊர் இல்லையா!" என்று அதையும் அடித்தாள். அடுத்த வாரம் தாத்தாவைப் பார்க்க "ஊருக்குப் போறோம்" என்று தோழியிடம் போனில் சொல்லிக்கொண்டிருந்தாள். தாத்தா இருப்பது ஒரு பாளையத்தில்.