ராத்திரி 9.47-க்கு ஒரு "ஹாய்"

சாப்பிட்டு கை கழுவிட்டு வந்து உக்காந்தா வாட்ஸ்அப்ல தெரியாத நம்பர்லருந்து "ஹாய்". பேர் இல்ல, கம்பெனி இல்ல, என்ன வேலைக்குன்னு ஒரு வரி இல்ல. ரெண்டு நிமிஷத்துல ஒரு கேள்விக்குறி மட்டும் தனியா வரும். அதுக்கப்புறம் "இருக்கீங்களா?"

வேலை தேடுறவனுக்கு வயித்தைக் கலக்குற நேரம் அது. பதில் போடலேன்னா வாய்ப்பு போயிடுமோன்னு பயம், போட்டா ராத்திரி போச்சு. அந்த பயம் நல்லாத் தெரிஞ்சுதான் வேலைக்கு ஆள் எடுக்குற ஹெச்.ஆர். ஆளுங்க இந்த நேரத்துல தட்டுறாங்க. அதுதான் எனக்குத் தாங்கல.

பெரும்பாலானவங்க செய்யுற தப்பு "சொல்லுங்க மேடம்"னு உடனே அடிக்கிறது. அந்த ரெண்டு வார்த்தைக்கு அவங்க அகராதியில "நான் இப்ப சும்மாதான் இருக்கேன்"னு அர்த்தம். 9.50-க்கு "இப்ப எவ்வளவு வாங்குறீங்க, எவ்வளவு எதிர்பார்க்குறீங்க, நோட்டீஸ் பீரியட் எத்தனை நாள்"னு மூணு கேள்வி ஒரே மூச்சுல வரும். 9.53-க்கு "நாளைக்கு காலைல 10 மணிக்கு இன்டர்வியூ, ஓகேவா?" 9.55-க்கு கால். இத்தனைக்கும் கம்பெனி பேரு இன்னும் வரல!

அதனால சாட்டைத் திறக்காதீங்க. நோட்டிஃபிகேஷன்லயே படிச்சா நீல டிக் விழாது. நீல டிக்கை செட்டிங்ஸ்ல நிறுத்தியும் வைக்கலாம், ஆனா அப்புறம் அவங்க படிச்சாங்களான்னு உங்களுக்கும் தெரியாது. திறந்துட்டு "படிக்காதது"ன்னு குறிச்சு வச்சாலும் பிரயோஜனமில்ல, விழுந்த டிக் விழுந்ததுதான்.

பதிலை அந்த சாட்லயே அடிச்சு அழிச்சு அடிக்கவும் வேண்டாம். நீங்க தட்டுறது அந்தப் பக்கம் தெரியும், தெரிஞ்ச உடனே கால் வரும். உங்களுக்கு நீங்களே மெசேஜ் அனுப்புற சாட் இருக்கில்ல, அங்க எழுதுங்க. ஒரு தடவை வாய்விட்டுப் படிங்க. கோபத்துல ஒரு வார்த்தை நழுவி அனுப்பிட்டா 15 நிமிஷம் வரைக்கும் திருத்தலாம், ஆனா திருத்தினதுன்னு அடையாளம் நிக்கும். அழிச்சாலும் அழிச்ச தடம் நிக்கும்.

எழுத வேண்டியது ஒரே மெசேஜ், துண்டு துண்டா வேண்டாம்:

"வணக்கம் மேடம். உங்க செய்தி பார்த்தேன், நன்றி. கம்பெனி பெயர், பதவி, வேலை விவரம் மூன்றையும் மெயிலில் அனுப்பினால் நாளை மதியம் 12 மணிக்குள் பார்த்துவிட்டுச் சொல்கிறேன். போனில் பேச நாளை மாலை 5.30 முதல் 6.30 வரை வசதிப்படும்."

இதுல மன்னிப்பு கிடையாது, கவனிச்சீங்களா? "லேட்டா ரிப்ளை பண்றதுக்கு சாரி"ன்னு எழுதுனா, 9.47-க்கு பதில் சொல்றது உங்க கடமைன்னு நீங்களே கையெழுத்து போட்டுக் கொடுத்த மாதிரி. ஸ்மைலியும் வேண்டாம், கும்பிடு கையும் வேண்டாம். "இந்த நேரத்துல மெசேஜ் பண்ணாதீங்க"ன்னு குத்தவும் வேண்டாம். "நாளை மாலை 5.30"ங்கிற நேரமே அதைச் சொல்லிடும். இதையே காலைல 9 மணிக்கு அனுப்புனா இன்னும் நல்லது. ராத்திரி பதில் போட்டுப் பழக்கிட்டா அடுத்த "ஹாய்" 10.30-க்கு வரும்.

சம்பளம் கேட்டா ராத்திரி நம்பர் சொல்லாதீங்க, இதை எத்தனை தடவை வேணும்னாலும் சொல்லுவேன். தூக்கக் கலக்கத்துல அடிச்ச தொகையை அவங்க அப்படியே எடுத்து ஷீட்ல ஏத்திடுவாங்க. வேலையோட அளவு தெரிஞ்சப்புறம் கூட்டிக் கேட்டா "அன்னைக்கு இவ்வளவுன்னு சொன்னீங்களே"ன்னு ஸ்க்ரீன்ஷாட் வரும். "வேலை விவரம் பார்த்த பிறகு சம்பளம் பற்றிப் பேசலாம்" — இந்த ஒரு வரி போதும். ரெண்டாவது தடவை கேட்டாலும் இதே வரி.

நாளைக்கே இன்டர்வியூன்னு நின்னா, "நாளை முடியாது, வியாழன் 11 அல்லது வெள்ளி 4 மணி சரியாக இருக்கும். யார் எடுக்கிறார்கள், எவ்வளவு நேரம்?"னு கேளுங்க. நிஜமான வேலைன்னா ரெண்டுல ஒண்ணு கிடைக்கும். கம்பெனி பேரையே சொல்லாம பதிவுக் கட்டணம், ஓடிபின்னு ஆரம்பிச்சா பதிலே வேண்டாம், பிளாக் பண்ணுங்க.

வேற நேர மண்டலத்துலருந்து வேலை பார்க்குறாங்கன்னு சிலர் பரிஞ்சு பேசுவாங்க. இருக்கட்டுமே! அதை முதல் மெசேஜ்ல ஒரு வரி எழுத எவ்வளவு நேரமாகும்?

இத்தனையும் தாண்டி மெயில் வந்து ரெஸ்யூமே அனுப்புனா, அடுத்து ஒரு லிங்க் வரும். திறந்தா "ரெஸ்யூமேயைப் பதிவேற்றவும்". பதிவேத்தி முடிச்சதும் அடுத்த பக்கத்துல அதுல இருக்குற படிப்பு, வேலை, வருஷம் எல்லாத்தையும் கட்டம் கட்டமா நாமளே திரும்ப டைப் பண்ணணும். அந்த ஃபார்மை வடிவமைச்சவங்க ஒரு தடவையாவது அதை முழுசா நிரப்பிப் பார்த்திருப்பாங்களா?