ஞாயிறு விசேஷத்துக்கு வியாழன் இரவே மருதாணித் தூளைக் கரைக்க வேண்டும்

வார நாளில் வேலைக்குப் போய்க்கொண்டே சனி ஞாயிறுகளில் மெஹந்தியும் எளிய மேக்கப்பும் போட்டுச் சம்பாதிக்கலாமா என்று நிறைய பேர் கேட்கிறார்கள். தாராளமாகச் சம்பாதிக்கலாம். ஆனால் கேட்கிறவர்கள் எல்லோரும் டிசைனைப் பற்றித்தான் பேசுகிறார்கள். எந்த டிசைன் பழகலாம், எந்த வகுப்பில் சேரலாம் என்கிறார்கள். என்னைக் கேட்டால் இந்தத் தொழிலில் பணம் நிற்பதும் கரைவதும் நேரக் கணக்கில்தான். அந்தக் கணக்கு கரைசலில் ஆரம்பிக்கிறது.

கோனை நீங்களே செய்யுங்கள். இதில் நான் விட்டுக்கொடுக்கவே மாட்டேன். கடையில் கிடைக்கும் 'உடனடி' கோன் அரை மணி நேரத்தில் கருஞ்சிவப்பாகப் பிடிக்கிறது என்றால், அந்த நிறம் மருதாணி இலையுடையது இல்லை. இலையில் இருக்கும் லாசோன் என்ற சாயம் முதலில் ஆரஞ்சாகத்தான் பிடிக்கும். காற்றுப் பட்டு, ஒன்றிரண்டு நாளில்தான் அடர்ந்த பழுப்பாகும். உடனே கறுப்பது என்றால் வேறு ரசாயனம் உள்ளே இருக்கிறது. 'கறுப்பு மெஹந்தி'யில் பெரும்பாலும் சேர்ப்பது பிபிடி. தலைச்சாயத்தில் போடும் பொருள் அது. சிலருக்குப் போட்ட கோடு அப்படியே கொப்புளமாக எழும்பிவிடும். அதைவிடக் கொடுமை, ஒருமுறை ஒவ்வாமை வந்துவிட்டால் ஆயுசுக்கும் அவர்கள் சாதாரணத் தலைச்சாயத்தைக்கூடத் தொட முடியாமல் போகலாம். ஒரு மாலை வேலைக்காக அடுத்தவர் வீட்டுப் பிள்ளைக்கு அதைச் செய்ய நமக்கு என்ன உரிமை இருக்கிறது? பொருட்பட்டியல் அச்சிடாத கோன், மாதக்கணக்கில் அலமாரியிலேயே கெடாமல் இருக்கும் கோன், பெட்ரோல் மாதிரி வாடை வரும் கோன், இந்த மூன்றையும் கையால் தொடாதீர்கள். அசல் கரைசல் வெளியில் வைத்தால் இரண்டு மூன்று நாளில் சாயம் செத்துவிடும். அதுதான் அதன் அடையாளம்.

கரைப்பது பெரிய வித்தை இல்லை. உடலில் போடுவதற்கென்றே விற்கும், மாவு போலச் சலித்த தூள் 100 கிராம். வியாழன் இரவு வடிகட்டிய எலுமிச்சைச் சாறு விட்டுக் கெட்டியாகப் பிசைந்து, மேலே பிளாஸ்டிக் தாளை ஒட்டினாற்போல் மூடி வைத்துவிடுங்கள். வெதுவெதுப்பான அறையில் விடிவதற்குள் சாயம் வெளிவந்துவிடும். வந்ததா என்று எப்படித் தெரியும்? மேற்பரப்பு பழுப்பாக மாறியிருக்கும், கிளறினால் உள்ளே பச்சை இருக்கும். உள்ளங்கையில் ஒரு பொட்டு வைத்து ஐந்து நிமிடத்தில் துடைத்துப் பாருங்கள். பளிச்சென்று ஆரஞ்சு தெரிந்தால் தயார். அப்புறம் சர்க்கரை 30 கிராம், லாவெண்டர் எண்ணெய் 30 மில்லி சேர்த்து, கரண்டியிலிருந்து அறுபடாமல் நூலாக இறங்கும் வரை இன்னும் கொஞ்சம் சாறு விடுங்கள். மொத்தத்தில் சாறு 250 முதல் 300 மில்லி பிடிக்கும். கடைசியில் மெல்லிய நைலான் துணியில் வடித்துவிடுங்கள். வடிக்காமல் விட்டால் இலை நார் கோன் நுனியில் வந்து அடைக்கும். வேலை நடுவில் குண்டூசி வைத்து நோண்டிக்கொண்டிருந்தால் நேரம் யாருடையது? 100 கிராம் தூளுக்கு 25 கிராம் கோனாகப் பதினாறு வரை வரும். மீந்ததை பிரீசரில் வைத்தால் மாதக்கணக்கில் நிற்கும். கைக்குழந்தைகளுக்கும், ஜி6பிடி என்ற நொதி இரத்தத்தில் குறைவாக உள்ளவர்களுக்கும் இயற்கை மருதாணிகூட வேண்டாம். அவர்களுக்கு இரத்தச் சிவப்பணு உடையும் ஆபத்து இருக்கிறது. போடுவதற்கு முன் கேட்டுவிடுங்கள்.

சரி, இப்போது ஒரு வேலையை எடுத்துக்கொள்வோம். ஞாயிறு மாலை ஆறு மணிக்கு விசேஷம். கல்யாணப் பெண்ணுக்கு முழங்கை வரை இரண்டு கை, உறவுப் பெண்கள் பன்னிரண்டு பேருக்கு ஆளுக்கு ஒரு உள்ளங்கையில் எளிய டிசைன், அம்மா, அக்கா, சித்தி மூவருக்கும் மேக்கப்.

பெண்ணுக்கு வெள்ளி மாலையே போட்டாக வேண்டும். மூன்று மணி நேரம் ஆகும், இரண்டு மூன்று கோன் போகும். இரவு முழுக்கக் கையில் இருந்து, சனி காலை தண்ணீர் படாமல் உதிர்த்தால், ஞாயிறு மாலைக்குள் நிறம் நன்றாக ஏறிவிடும். சனி இரவு போடச் சொல்லி வருகிற வேலையை நான் எடுப்பதில்லை. ஆரஞ்சுக் கையோடு போட்டோவுக்கு நின்றால், "மெஹந்தி பிடிக்கவே இல்லை" என்ற பேச்சு நம்மைத்தான் வந்து சேரும். உறவுக்காரர்களுக்குச் சனி காலை போடலாம். உள்ளங்கையில் தோல் தடிமன் என்பதால் நன்றாகவே பிடிக்கும். புறங்கையில் எப்போதுமே ஒரு படி குறைவுதான், அதை முன்னாலேயே சொல்லிவிடுங்கள்.

புதிதாக வருகிறவர்கள் அடிபடுவது இந்தச் சனி காலையில்தான். ஒரு கைக்கு இவ்வளவு என்று பேசியிருப்பார்கள். கைக்குக் கால் மணி நேரம் வைத்தால் பன்னிரண்டு பேருக்கு மூன்று மணி நேரம். ஆனால் உட்காருகிற ஒவ்வொருவரும் "விரல் நுனியையும் நிரப்பிடும்மா, மணிக்கட்டுல ஒரு வளையல் மட்டும்" என்பார்கள். கால் மணி இருபத்தைந்து நிமிடமாகும், மூன்று மணி ஐந்தாகும். காசு மட்டும் அதே காசு. அதனால் பெண்ணுக்கு ஒரு மொத்தத் தொகை, மற்றவர்களுக்கு மணிக்கணக்கு என்று பேசுங்கள். 'மூன்று மணி நேரம் இருப்பேன், அதற்குள் எத்தனை கை வேண்டுமானாலும்' என்று சொல்லிப் பாருங்கள். வரிசையை ஒழுங்குபடுத்துவதும், யாருக்குச் சின்ன டிசைன் என்று முடிவு செய்வதும் அந்த வீட்டு அத்தையின் வேலையாகிவிடும். நீங்கள் யாரிடமும் முகம் கோண வேண்டியதில்லை. கரைத்து வடித்துக் கோன் சுற்றிய நேரத்தையும் தொகையில் சேருங்கள், அதுவும் உங்கள் உழைப்புதான். முன்பணம் வராமல் தூள் பாக்கெட்டைப் பிரிக்காதீர்கள்.

ஞாயிறு மேக்கப்பைப் பின்னாலிருந்து எண்ணுங்கள். ஐந்து மணிக்கு போட்டோ என்றால் நாலரைக்குள் மூன்று முகமும் முடிந்திருக்க வேண்டும். ஒரு முகத்துக்கு நாற்பது நிமிடம், அதனால் இரண்டரைக்கு முன்பே ஆரம்பித்துவிடுங்கள். அம்மாவை முதலில் உட்கார வையுங்கள். நேரமாக ஆக அவரை ஆளாளுக்குக் கூப்பிடுவார்கள், நாற்காலியில் பிடித்து உட்கார வைக்கவே முடியாது. பவுண்டேஷன் நிறத்தைக் கையில் பூசிப் பார்க்காமல் தாடையோரம் பூசி, ஜன்னல் வெளிச்சத்தில் பாருங்கள். கழுத்தோடு கலந்து மறைந்தால் அதுதான் சரியான நிறம். முடிந்ததும் உங்கள் போனில் பிளாஷ் போட்டு ஒரு படம் எடுங்கள். சிலிக்கா கலந்த பவுடர் அதிகமானால் கண்ணாடியில் தெரியாது, பிளாஷில் கண்ணுக்கடியில் வெள்ளைத் திட்டாகத் தெரியும். அப்போதே தட்டிவிடலாம்.

மூன்று முகத்துக்கு மூன்று ஸ்பாஞ்ச். லிப்ஸ்டிக்கை உதட்டில் நேராக வைக்காமல், தட்டில் சுரண்டி எடுத்து பிரஷால் போடுங்கள். மஸ்காராவுக்கு ஆளுக்கொரு தூக்கிப்போடும் பிரஷ், ஒருமுறை கண்ணில் பட்டது திரும்ப டியூபுக்குள் போகக் கூடாது. யாருக்காவது கண் சிவந்து நீர் வடிந்தாலோ இமையில் கட்டி இருந்தாலோ, அவருக்குக் கண் மேக்கப் கிடையாது. எவ்வளவு கெஞ்சினாலும் சரி, உதட்டுக்கும் கன்னத்துக்கும் மட்டும் போட்டு அனுப்புங்கள்.