ஸ்போர்ட்ஸ் டிரிங்க் ஓ.ஆர்.எஸ். ஆகாது

“வயிற்றுப்போக்கு நின்னதும் ரெண்டு பாட்டில் ஸ்போர்ட்ஸ் டிரிங்க் குடிச்சா போதும், மறுநாளே ஓடலாம்.”

இது பாதிதான் சரி. உப்பும் சர்க்கரையும் சேர்ந்த நீர் வேண்டும் என்பது உண்மை. ஆனால் வழக்கமான ஸ்போர்ட்ஸ் டிரிங்கில் லிட்டருக்கு 60 கிராம் அளவு சர்க்கரை இருக்கும், ஓ.ஆர்.எஸ்ஸில் 13.5 கிராம் குளுக்கோஸ்தான். சோடியமோ ஓ.ஆர்.எஸ்ஸில் மூன்று மடங்குக்கும் மேல். சர்க்கரை அதிகமானால் அது குடலுக்குள் தண்ணீரை இழுத்து, போக்கை இன்னும் கூட்டும். வியர்வைக்காகச் செய்ததை வயிற்றுக்குக் கொடுத்தால் அப்படித்தான்.

70 கிலோ உள்ளவர் ஒரே இரவில் 68.6 ஆகிவிட்டார் என்றால், போனது பெரும்பாலும் தண்ணீர். அந்த 1.4 லிட்டரை ஒரே மூச்சில் குடித்தால் வாந்திதான் வரும். சில நிமிடங்களுக்கு ஒரு வாய் போதும். வாந்தி வந்தால் பத்து நிமிடம் விட்டு, இன்னும் மெதுவாகத் தொடங்குங்கள். பசி வந்ததும் சாப்பிடலாம், பட்டினி தேவையில்லை.

சிறுநீர் வெளிர்மஞ்சளாகி, எழுந்து நின்றால் தலை சுற்றாமல், சில வேளை உணவும் வயிற்றில் தங்கிய பிறகு நடையில் தொடங்கலாம். எத்தனை நாள் என்பது ஆளுக்கு ஆள் மாறும்.

இன்னொருவர் “மாத்திரை போட்டுட்டு ஜிம்முக்குப் போனேன், ஒண்ணும் ஆகல” என்கிறார். அவர் கேஸ் காய்ச்சல், வயிற்றுப்போக்கு வேறு. மாத்திரையால் இறங்கிய சூட்டைக் குணமாகிவிட்டதாக எடுத்துக்கொள்ள முடியாது. வைரஸ் காய்ச்சலோடு கடும் பயிற்சி செய்தால் அரிதாக இதயத் தசை அழற்சி மோசமாகலாம். நெஞ்சு வலியோ படபடப்போ இருந்தால் முதலில் டாக்டர், அப்புறம்தான் ஜிம்.