பந்துக்குள் மணி இருந்தால் மட்டும் போதுமா?

பார்வைக் குறைபாடுள்ள மாணவரை உடற்கல்வி நேரத்தில் மதிப்பெண் எழுத உட்கார வைக்கும் பழக்கத்தை நம் தோட்டப்புறப் பள்ளிகளில் இன்னும் பார்க்கிறேன். பந்தே தெரியாத பிள்ளைக்குப் பலகையில் எழுதும் வேலை! கேட்டால் "பாதுகாப்புக்குத்தான் சார்" என்பார்கள். அப்புறம் யாராவது நல்ல மனதோடு மணி வைத்த பந்து ஒன்றை வாங்கித் தருவார்கள். பிள்ளைக்குப் பிடிக்க வராது. "பார்த்தீங்களா, முடியலை" என்று பந்து அலமாரிக்குப் போய்விடும்.

நான் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தமிழ்ப்பள்ளியில் உடற்கல்வி எடுப்பவன். என்னைக் கேட்டால், பந்தை மாற்றுவது பாதி வேலைகூட இல்லை. மண்டபத்தை மாற்ற வேண்டும்.

கோல்பால் என்று ஒரு விளையாட்டு உண்டு. இரண்டாம் உலகப் போரில் பார்வை இழந்த வீரர்களுக்காக 1946இல் ஐரோப்பாவில் உருவாக்கினார்கள்; 1976 டொராண்டோ பாராலிம்பிக்கிலிருந்து பதக்க விளையாட்டாக இருக்கிறது. அணிக்கு மூன்று பேர், எல்லாருக்கும் கண்மறைப்பு. பந்தை உருட்டி எதிரணியின் கோலுக்குள் அனுப்ப வேண்டும், அவர்கள் குறுக்கே படுத்துத் தடுப்பார்கள். களம் 18 மீட்டர் நீளம், 9 மீட்டர் அகலம். பந்தின் எடை 1.25 கிலோ. பத்து வயதுப் பிள்ளைக்கு அந்தப் பந்தும் அதிகம், அந்தக் களமும் அதிகம். ஆனால் அதன் சூத்திரத்தை அப்படியே எடுத்துக்கொள்ளலாம்: பந்து தரையில் உருள வேண்டும், கோடு காலுக்குத் தட்டுப்பட வேண்டும், சுற்றியிருப்பவர்கள் வாயை மூட வேண்டும்.

எங்கள் மண்டபத்தில் பூப்பந்துத் திடல் ஏற்கெனவே வரைந்திருக்கிறது. 13.4 மீட்டர் நீளம், 6.1 மீட்டர் அகலம். வலையைக் கழற்றிவிட்டால் இரண்டு பின்கோடுகளும் கோல் கோடுகள். அந்தக் கோட்டின் மேல் மெல்லிய நைலான் கயிற்றை இழுத்து வைத்து, அதன்மேல் அகலமான டேப்பை ஒட்டுகிறோம். கோல்பால் களத்திலும் டேப்புக்கு அடியில் இப்படித்தான் கயிறு ஓடும். கயிறு தடிமனாக இருந்தால் ஓடுகிற பிள்ளை தடுக்கி விழும், ரொம்ப மெலிதாக இருந்தால் தோல் தடித்த காலுக்குத் தெரியாது. ஏறக்குறைய 3 மில்லிமீட்டர் போதும். சப்பாத்தைக் கழற்றச் சொல்லுங்கள், வெறுங்காலுக்குத்தான் கோடு பேசும். மூன்று ஆட்டக்காரர்கள் நிற்கும் இடத்தில் அந்தக் கோட்டிலிருந்து முன்பக்கமாக ஒரு சாண் நீளத்துக்கு இன்னொரு துண்டு ஒட்டுங்கள். படுத்து எழுந்த பிள்ளைக்கு, தான் எந்தத் திசையைப் பார்த்து நிற்கிறோம் என்பதை அந்தத் துண்டுதான் சொல்லும். ஓரளவு பார்வை உள்ள பிள்ளைகளுக்காக டேப் தரை நிறத்துக்கு நேரெதிராக இருக்கட்டும். எங்கள் தரை பச்சை, அதனால் மஞ்சள்.

பந்துக்குப் பெரிய செலவு வேண்டாம். பழைய கைப்பந்தில் காற்றைக் கொஞ்சம் இறக்கி, சலசலக்கும் பிளாஸ்டிக் பையில் போட்டு இறுகக் கட்டினால் உருளும்போது நன்றாகக் கேட்கும். பை சீக்கிரம் கிழியும், நான்கைந்து கையில் வைத்திருங்கள். காற்றை இறக்குவது பந்து மெதுவாகப் போகவும், தரையிலிருந்து துள்ளாமல் இருக்கவும். காற்றில் பறக்கும் பந்து அனேகமாக ஊமை, நின்றுபோன பந்து முழு ஊமை. இது புரியாமல்தான் மணிப்பந்தைத் தூக்கி எறிந்து "பிடி" என்கிறோம். வலை இருந்த இடத்துக்கு முன்பே பந்து தரையைத் தொட்டாக வேண்டும் என்பது எங்கள் விதி.

சிலர் கைப்பேசியில் பீப் ஒலியைப் போட்டு இலக்காக வைப்பார்கள். ஒரே சுருதியில் வரும் ஒலி எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்கக் காது திணறும். கைதட்டல், பை சலசலப்பு, டப்பாவில் அரிசி குலுங்கும் ஓசை இவையெல்லாம் எளிதில் பிடிபடும். இன்னொன்று, நேர் முன்னால் வரும் ஒலியும் நேர் பின்னால் வரும் ஒலியும் காதுக்குக் குழம்பும். தலையை லேசாகத் திருப்பினால் தெளிந்துவிடும். ஆகவே பிள்ளை தலையை ஆட்டிக்கொண்டே கேட்டால் "நேரா நில்லு" என்று அதட்டாதீர்கள்.

இப்போது எங்கள் நான்காம் ஆண்டு மாணவி ஒருத்தியின் கதை. வெளிச்சமும் நிழலும் மட்டும்தான் தெரியும் அவளுக்கு. முதல் வகுப்பில் பந்தே கொடுக்கவில்லை. சுவரிலிருந்து கோட்டுக்கு, கோட்டின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு என்று நடந்தாள், காலாலும் கையாலும் தடவிப் பார்த்தாள். அடுத்த வகுப்பில் நான் எதிரில் நின்று பந்தை உருட்ட, அவள் தடுக்க வேண்டாம், விரலால் மட்டும் பந்தைக் காட்டிக்கொண்டே இருக்க வேண்டும். விரல் பந்தோடு கூடவே போனால் அடுத்த கட்டத்துக்குப் போகலாம். விரல் பின்தங்கினால் பந்து வேகம் அதிகம், அல்லது மண்டபத்தில் சத்தம் அதிகம். அவளுக்கு இடப்பக்கம் மட்டும் விரல் தவறிக்கொண்டே இருந்தது. பிள்ளைக்கு அந்தக் காதில் கோளாறோ என்று பயந்தேன். பார்த்தால் இடப்பக்கச் சுவரில் காற்றாடி ஒன்று கடகடத்துக்கொண்டிருந்தது. அதை நிறுத்தியதும் விரல் சரியாகிவிட்டது.

சொல்லும் வார்த்தையும் முக்கியம். "இங்கே வா", "அங்கே போ", "அந்தப் பக்கம்" எல்லாம் வீண். முதலில் பெயர், பிறகு அவள் நிற்கும் நிலையிலிருந்து இடமா வலமா, பிறகு எத்தனை அடி. எதிரே நிற்கும் ஆசிரியர் தன் இடப்பக்கத்தைச் சொல்லித் தொலைப்பார்! ஒரே ஒருவர்தான் குரல் கொடுக்க வேண்டும், அதுவும் நின்ற இடத்தை விட்டு நகராமல்.

நம் ஊரில் பெரிய சிக்கல் கூட்டம்தான். போட்டி என்றால் பெற்றோர் வந்துவிடுவார்கள், "விடாதே, தங்கச்சி!" என்று கத்தாமல் இருக்க அவர்களால் முடியாது. "அமைதி" என்று நடுவர் சொன்னதிலிருந்து பந்து நிற்கும்வரை மூச்சு விடக்கூடாது, கோல் விழுந்த பிறகு கூரை பறக்கக் கத்தலாம் என்று முன்கூட்டியே பேசிவிட வேண்டும். மழையோடு மட்டும் பேச முடியாது. தகரக் கூரையில் சாயங்கால மழை இறங்கினால் பந்தின் சத்தம் சுத்தமாக அமுங்கிவிடும், அன்று ஆட்டத்தை நிறுத்திவிடுவதுதான் நியாயம். பல்லாங்குழியை எடுத்து வையுங்கள். அதற்கு எந்த மாற்றமும் வேண்டாம், எந்தக் குழியிலிருந்து எடுக்கிறேன் என்று எதிராளி வாய்விட்டுச் சொன்னால் போதும். திடல் புல்லிலும் இந்தப் பந்து ஆட்டம் எடுபடாது, புல் சத்தத்தை விழுங்கிவிடும்.

பார்வையுள்ள மாணவர்களுக்கும் கண்ணைக் கட்ட வேண்டுமா என்று கேட்கிறார்கள். களத்தில் இறங்கும் ஆறு பேருக்கும் கட்டத்தான் வேண்டும், இல்லையென்றால் அது அவளுக்குச் செய்யும் சலுகை ஆட்டமாகிவிடும். ஆனால் குறைந்த பார்வை உள்ள பிள்ளை பயிற்சியின்போது மிச்சமிருக்கும் பார்வையைப் பயன்படுத்தட்டும். அதைப் பிடுங்கிவிட்டுக் கற்றுக்கொடுப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை.

தொடங்குவதற்கு முன் பெற்றோரிடம் ஒரு கேள்வி கேட்டே ஆக வேண்டும்: கண்ணில் என்ன நோய்? விழித்திரை பிரியும் ஆபத்து உள்ள பிள்ளைக்குத் தலையில் பந்து பட்டாலே மிச்சப் பார்வையும் போகலாம். அப்படிப்பட்ட பிள்ளையைக் கண் மருத்துவர் சரி என்று சொல்லாமல் தடுப்பு வரிசையில் படுக்க வைக்காதீர்கள்; உருட்டுவதற்கு மட்டும் விடலாமா என்பதையும் அவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.