வடகிழக்குக்குத் தனி நேரம் வேண்டும் என்று நான் ஏன் சொல்கிறேன்

டிசம்பர் கடைசியில் அசாமின் திப்ருகரில் மாலை நாலு இருபதுக்கெல்லாம் சூரியன் மறைந்துவிடும். அதே நாள் குஜராத்தின் துவாரகையில் ஆறேகால் வரை வெயில் இருக்கும். இரண்டு ஊரிலும் சுவர்க் கடிகாரம் காட்டுவது ஒரே நேரம்தான். ஜூன் மாதம் போனால் திப்ருகரில் காலை நாலேகாலுக்கே விடிந்துவிடுகிறது. அலுவலகம் திறப்பதோ பத்து மணிக்கு. நடுவில் ஆறு மணி நேர வெளிச்சம் யாருக்கும் பெரிதாகப் பயன்படாமல் போகிறது.

கணக்கு எளிது. பூமி ஒரு பாகை சுற்ற நாலு நிமிடம். இந்தியா மேற்கே 68 பாகையில் தொடங்கி கிழக்கே 97 பாகையைத் தாண்டி முடிகிறது. ஏறக்குறைய 29 பாகை, அதாவது இரண்டு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. நம் அதிகாரப்பூர்வ நேரம் அலகாபாத் பக்கத்தில் ஓடும் 82.5 பாகைக் கோட்டை வைத்துக் கணக்கிடப்படுகிறது. சென்னை இருப்பது 80 பாகையைச் சற்றே தாண்டி. அதனால் கடிகாரத்துக்கும் நம் தலைக்கு மேலே உள்ள சூரியனுக்கும் சராசரி வித்தியாசம் ஒன்பது நிமிடம்தான். தமிழ்நாட்டில் இருந்துகொண்டு "ஒரே நாட்டுக்கு எதுக்கு ரெண்டு நேரம்?" என்று கேட்பது நமக்கு ஏன் இவ்வளவு இயல்பாக வருகிறது என்பதற்கு அந்த ஒன்பது நிமிடமே காரணம். போர்ட் பிளேரில் சொந்தக்காரர்கள் இருப்பவர்களைக் கேட்டுப் பாருங்கள். அங்கே டிசம்பரில் ஐந்து மணிக்கே பொழுது சாய்ந்துவிடும்.

"நேரத்தை ஏன் மாற்ற வேண்டும், அலுவலக நேரத்தை மாற்றினால் போதாதா?" என்பார்கள். நியாயமான கேள்வி. அசாம் தேயிலைத் தோட்டங்களில் வெள்ளைக்காரன் காலத்திலிருந்து அதைத்தான் செய்கிறார்கள். தோட்டத்துக் கடிகாரம் இந்திய நேரத்தைவிட ஒரு மணி நேரம் முன்னால் ஓடும். பாகான் டைம் என்பார்கள். வெளியே எட்டு மணி என்றால் தோட்டத்தில் ஒன்பது. கொழுந்து பறிக்க வெளிச்சம் வேண்டும், அதனால் வேலை சூரியனோடு தொடங்கி சூரியனோடு முடிகிறது. ஆனால் தோட்டம் தனக்குள்ளேயே அடங்கிய ஓர் உலகம். வேலை, வீடு, ஆஸ்பத்திரி எல்லாம் ஒரே நிர்வாகத்தின் கையில். சங்கு ஊதினால் எல்லோருக்கும் அதுதான் நேரம். ஒரு மாநிலம் அப்படி இல்லை. வங்கி, ரயில், விமானம், மத்திய அரசு அலுவலகம், நுழைவுத் தேர்வு, டிவி எல்லாம் டெல்லியின் மணிப்படி ஓடும்போது மாநில அரசு மட்டும் தன் அலுவலகத்தை முன்னால் தள்ளி என்ன பயன்? 2014-இல் அன்றைய அசாம் முதல்வர் தருண் கோகோய் தோட்ட நேரத்தை மாநிலம் முழுக்கக் கொண்டுவரப் போவதாக அறிவித்தார். நடக்கவில்லை.

இன்னொரு காரணமும் உண்டு. ஆறரை மணிக்கு ஆபீஸ் என்று உத்தரவு போட்டால், வெளியே சூரியன் எவ்வளவு உயரத்தில் இருந்தாலும் ஜனங்களுக்கு அது விடியற்காலை உத்தரவாகத்தான் படும். முள் காட்டும் எண்ணை வைத்துத்தான் நாம் சீக்கிரம், தாமதம் என்று முடிவு செய்கிறோம். திறக்கும் நேரத்தைத் தாமதமாக்குவது அப்படி இல்லை. ஏழரைக்குத் திறக்கும் பள்ளியை எட்டரைக்கு மாற்றினால் பெற்றோர் சந்தோஷமாக ஒத்துக்கொள்வார்கள். மேற்கில் தாமதமாக விடிவது பிரச்சினையானால் மணி அடிக்கும் நேரத்தை மாற்றிச் சமாளிக்கலாம். கிழக்கில் கடிகாரத்தையே மாற்ற வேண்டியிருக்கிறது.

சீனாவைச் சொல்லி "அவ்வளவு பெரிய நாடே ஒரே நேரத்தில் ஓடவில்லையா?" என்று மடக்குவார்கள். 1949-க்கு முன் அங்கே ஐந்து நேரங்கள் இருந்தன. கம்யூனிஸ்ட் அரசு வந்த பிறகு நாடு முழுக்க பெய்ஜிங் நேரம். சரி, மேற்குக் கோடியில் இருக்கும் சிஞ்சியாங்கின் உரும்ச்சியில் என்ன நடக்கிறது? பெய்ஜிங் நேரப்படி அங்கே உச்சிவெயில் மதியம் இரண்டு மணிக்கு மேல். அலுவலகங்கள் காலை பத்து மணிக்குத்தான் சுறுசுறுப்பாகின்றன. உய்குர் மக்கள் பலர் பெய்ஜிங்குக்கு இரண்டு மணி நேரம் பின்னால் ஓடும் உள்ளூர் நேரத்தை வைத்துக்கொள்கிறார்கள். ஹான் சீனர்கள் பெய்ஜிங் நேரத்தில் இருக்கிறார்கள். ஒருவரைச் சந்திக்க மணி சொன்னால் எந்த நேரப்படி என்று கேட்டாக வேண்டும். அரசு ஒரே நேரம் என்று சொன்னதால் இரண்டு நேரம் இல்லாமல் போகவில்லை, இரண்டாவது நேரம் சட்டத்துக்கு வெளியே போய்விட்டது, அவ்வளவுதான். அதுவும் இன அடையாளத்தோடு சேர்ந்துகொண்டது. எனக்குக் கவலை தருவது இதுதான். சட்டப்படி வரையறுத்த இரண்டு நேரத்தைவிட வரையறுக்காத இரண்டு நேரம் ஆபத்தானது.

அப்புறம் ரயில் விபத்து வாதம். இரண்டு நேரம் இருந்தால் எல்லையில் ஸ்டேஷன் மாஸ்டர் குழம்பி ரயில்கள் மோதும் என்கிறார்கள். இதற்கு நம் ஊரே பதில் வைத்திருக்கிறது. 1870-களிலிருந்து 1905 வரை இந்திய ரயில்கள் ஓடியது மெட்ராஸ் நேரத்தில். நுங்கம்பாக்கம் வானாய்வு நிலையம் கணித்த நேரம், தந்தி வழியாகப் போனது. பம்பாய் நகரம் தன் சொந்த நேரத்தில், கல்கத்தா தன் சொந்த நேரத்தில். அந்த இரண்டுக்கும் நடுவில் இருந்ததால்தான் மெட்ராஸைத் தேர்ந்தெடுத்தார்கள். ஊருக்கு ஒரு நேரம், தண்டவாளத்துக்கு ஒரு நேரம். ரஷ்யாவில் பதினொரு நேர மண்டலங்கள் இருக்கின்றன. 2018 ஆகஸ்ட் வரை அங்கே ரயில் டிக்கெட்டில் அச்சிட்டது மாஸ்கோ நேரம் மட்டுமே. விளாடிவஸ்தோக்கில் ஏறுகிறவர் தானே ஏழு மணி நேரம் கூட்டிக்கொள்ள வேண்டும். இப்போது உள்ளூர் நேரம் அச்சிடுகிறார்கள். ரயில்வே உள்ளுக்குள் ஒரே நேரத்தில் இயங்கிக்கொண்டே பயணிக்கு உள்ளூர் நேரம் காட்டலாம். அது ஒன்றும் புதிதல்ல.

நம் நாட்டின் நேரத்தைப் பராமரிக்கும் தேசிய இயற்பியல் ஆய்வகம் 2018-இல் இதை விரிவாக ஆராய்ந்து ஒரு கட்டுரை வெளியிட்டது. பரிந்துரை இரண்டு நேரம். வடகிழக்கு மாநிலங்களுக்கும் அந்தமான் நிக்கோபாருக்கும் ஒரு மணி நேரம் முன்னால் ஓடும் நேரம், மற்ற இந்தியாவுக்கு இப்போதிருப்பது. பிரிக்கும் கோட்டை அசாம் – மேற்கு வங்க எல்லையை ஒட்டி வைத்தார்கள். எனக்கு மிகவும் பிடித்த பகுதி அதுதான். வடகிழக்குக்குப் போகும் ரயில் எல்லாம் வங்கத்தின் வடக்கே கழுத்துபோல் ஒடுங்கிய நிலப்பகுதி வழியாகத்தான் போக வேண்டும். அதனால் நேரம் மாறும் இடமாக நியூ கூச்பிஹார், அலிப்பூர்துவார் என்ற இரண்டு நிலையங்களைக் கவனித்தால் போதும் என்று காட்டினார்கள். இவ்வளவு வசதியான எல்லை எல்லா நாட்டுக்கும் அமையாது. வித்தியாசம் சரியாக ஒரு மணி நேரம் என்பதால் நிமிட முள் இரண்டு பக்கமும் ஒன்றாகவே இருக்கும்.

இந்த மாற்றத்தால் ஆண்டுக்கு 2 கோடி யூனிட் மின்சாரம் மிச்சமாகும் என்றும் அவர்கள் கணக்கிட்டார்கள். நாடு தழுவிய பயன்பாட்டில் அது சின்னத் தொகை. மின்சாரத்துக்காக நான் இதைக் கேட்கவில்லை. வேலை முடிந்து வெளியே வருகிறவருக்கு இருட்டு மட்டுமே மிச்சம் என்ற நிலை மாற வேண்டும் என்பதற்காகக் கேட்கிறேன்.

நடுவழி ஒன்றும் பேசப்படுகிறது. நாடு முழுக்க அரை மணி நேரம் முன்னால் தள்ளிவிட்டால் ஒரே நேரமும் இருக்கும், மின்சாரமும் நிறைய மிச்சமாகும் என்பது அது. எனக்கு இதில் உடன்பாடே இல்லை. காரணம் மேற்கில் இருக்கும் குழந்தைகள். மௌலிக் ஜாக்னானி என்ற பொருளாதார ஆய்வாளர் இந்தியக் குழந்தைகளின் தூக்கத்தை ஆராய்ந்தார். சூரியன் ஒரு மணி நேரம் தாமதமாக மறைகிற இடத்தில் குழந்தைகள் சுமார் அரை மணி நேரம் குறைவாகத் தூங்குகிறார்கள். படுப்பது தாமதமாகிறது, பள்ளி மணி மட்டும் மாறுவதில்லை. அதன் விளைவாகப் படிப்பு சராசரியாக 0.8 ஆண்டு குறைகிறது என்பது அவர் கணக்கு. புழுக்கமும் சத்தமும் நிறைந்த வீடுகளில் உள்ள ஏழைக் குழந்தைகளுக்குத்தான் அடி அதிகம். ஏற்கெனவே தாமதமாக இருட்டும் துவாரகைக்கு இன்னும் அரை மணி நேரம் கூட்டுவது அந்தக் குழந்தைகளின் தூக்கத்தில் கை வைப்பது.

இதே ஆய்வு என் வாதத்தையும் கேள்வி கேட்கிறது, அதை மறைக்க மாட்டேன். வடகிழக்கில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் வைத்தால் அங்கேயும் அஸ்தமனம் கடிகாரப்படி தாமதமாகும். ஜாக்னானி மேற்கின் கடிகாரத்தைப் பின்னால் தள்ளச் சொல்கிறார். ஆனால் அளவைப் பாருங்கள். புதிய நேரத்தில் கவுகாத்தியில் உச்சிவெயில் பன்னிரண்டு இருபத்து மூன்று வாக்கில் வரும். இன்றைய மும்பையில் அது பன்னிரண்டு முப்பத்தெட்டு. திப்ருகரில் டிசம்பர் அஸ்தமனம் ஐந்து இருபது. துவாரகை அளவுக்குப் போகவில்லை. ஆனால் உதயமும் ஏழு மணி ஆகிவிடும். அதனால் நேரம் மாறும் அதே நாளில் பள்ளி தொடங்கும் நேரத்தையும் அரை மணியாவது தள்ளி வைக்க வேண்டும். இது இல்லாமல் நேரத்தை மட்டும் மாற்றினால் நான் ஆதரிக்க மாட்டேன்.

ஒற்றுமை கெட்டுவிடும் என்ற பயம்தான் கடைசியில் எல்லாவற்றையும் தடுக்கிறது. 2017-இல் அருணாசல முதல்வர் பெமா காண்டு தனி நேரம் கேட்டார். அதே ஆண்டு கவுகாத்தி உயர்நீதிமன்றம் இதுபற்றிய பொதுநல வழக்கைத் தள்ளுபடி செய்தது. ஏற்கெனவே தள்ளிவைக்கப்பட்டதாக உணரும் மக்களுக்குத் தனி நேரம் கொடுத்தால் தூரம் கூடும் என்கிறார்கள். எனக்கு நேர் எதிராகத் தோன்றுகிறது. இந்திய நேரம் வந்தது 1906 ஜனவரி 1-இல். கல்கத்தா 1948 வரையும் பம்பாய் 1955 வரையும் தங்கள் நேரத்தை விடவில்லை. குடியரசு உருவான ஆண்டுகளில் நாட்டின் மிகப்பெரிய வணிக நகரம் வேறு நேரத்தில் ஓடிக்கொண்டிருந்தது. அதனால் நாடு பிரியவில்லை. அந்த நகரங்களுக்கு அரை நூற்றாண்டு காத்திருந்த பொறுமை கோஹிமாவுக்கும் இட்டாநகருக்கும் ஏன் இல்லை?

2025 ஜனவரியில் மத்திய அரசு ஒரு வரைவு விதியை வெளியிட்டது. சட்டம், வணிகம், நிர்வாகம் என எல்லாவற்றிலும் இந்திய நேரத்தை மட்டுமே குறிக்க வேண்டும் என்பது அதன் சாரம். துல்லியத்துக்காக அது தேவை என்பதை ஒப்புக்கொள்கிறேன். வங்கிப் பரிவர்த்தனைக்கும் தொலைத்தொடர்புக்கும் ஒரே மூல நேரம் வேண்டும். ஆனால் மூல நேரம் ஒன்றாக இருக்கும்போதே அதிலிருந்து சரியாக ஒரு மணி நேரம் கூட்டிய இரண்டாவது நேரத்தையும் தேசிய இயற்பியல் ஆய்வகமே வழங்க முடியும். வடகிழக்குக்கும் அந்தமானுக்கும் அந்த நேரத்தை அங்கீகரிக்கும் ஒரு பிரிவை அந்த விதிகளில் சேர்க்க வேண்டும். பள்ளி நேரத்தை முடிவு செய்யும் பொறுப்பை அந்தந்த மாநிலத்திடமே விட வேண்டும்.