ஒரு மூலத்துக்கு மட்டும் டிக் போடுகிறவர்கள்

விடைத்தாள் திருத்தும்போது "சரிபார்த்தல்" என்ற தலைப்பைப் பார்த்தாலே இப்போதெல்லாம் எனக்குக் கோபம் தலைக்கேறுகிறது. அடிக்கோடு இருக்கும், பெரிய டிக் இருக்கும். சரிபார்த்ததுதான் இருக்காது.

கணக்கு இவ்வளவுதான்: x(2x − 5) = 3. ஒருவன் எழுதுகிறான்: x = 3, அல்லது 2x − 5 = 3, எனவே x = 4. பெருக்கல் பலன் பூச்சியமாக இருந்தால்தான் காரணிகளைத் தனித்தனியே சமப்படுத்தலாம், 3 என்றால் கூடாது என்று தொண்டைத் தண்ணீர் வற்றக் கத்தியாயிற்று. சரி, போகட்டும். கீழே x = 3 என்று பிரதியிடுகிறான். 3(6 − 5) = 3. டிக்! கொடுமை என்னவென்றால், 3 நிஜமாகவே ஒரு மூலம்தான். தப்பான வழியில் போனவனுக்குக் குருட்டாம்போக்கில் சரியான எண் கிடைத்திருக்கிறது, அதைப் பார்த்ததும் பேனாவை மூடிவிட்டான். 4-ஐயும் போட்டிருந்தால் 4(8 − 5) = 12 என்று அங்கேயே குட்டு உடைந்திருக்கும். ஒரே ஒரு வரி ஐயா! எழுதினால் கை ஒடிந்துவிடுமா?

இன்னொரு ரகம் இருக்கிறது. அது இதைவிட மோசம். இரண்டு மூலத்தையும் போட்டுப் பார்ப்பார்கள், ஆனால் கேள்வியில் இருக்கும் சமன்பாட்டில் இல்லை. 3-ஐ இடப்பக்கம் கொண்டுவரும்போது குறியை மாற்றாமல் 2x² − 5x + 3 = 0 என்று எழுதிவிடுவார்கள். அது (x − 1)(2x − 3) என்று அழகாகப் பிரியும். மூலங்கள் 1, 3/2. அப்புறம் தாங்கள் எழுதிய அதே வரியில் 1-ஐப் போட்டால் 2 − 5 + 3 = 0. வராமல் என்ன செய்யும்? வேலிக்கு ஓணான் சாட்சி! கேள்வித்தாளில் இருப்பதில் போட்டுப் பாருங்கள்: 1(2 − 5) = −3. 3/2-ஐப் போட்டாலும் (3/2)(3 − 5) = −3. வரவேண்டியது 3, இரண்டுக்கும் வருவது −3. தப்பு குறியில்தான் என்பதை அந்த விடையே காட்டிக்கொடுக்கிறது. பார்க்கத்தான் ஆளில்லை.

(x − 3)(2x + 1) = 0 வரை ஒழுங்காக வந்துவிட்டு, கடைசி வரியில் x = 3, 1/2 என்று முடிக்கிறவர்களும் உண்டு. இவர்கள் எதைச் சரிபார்ப்பார்கள்? 3-ஐத்தான். முழு எண், சுலபம். பின்னத்தைக் கண்டால் பயம். ஆனால் தப்பு ஒளிந்திருப்பதே அங்கேதான். (1/2)(1 − 5) = −2, ஒத்துவரவில்லை. −1/2 போட்டால் (−1/2)(−1 − 5) = 3, கச்சிதம்.

கேட்டால், "இதுக்குத் தனியா மார்க் இருக்கா மிஸ்?" என்கிறார்கள். தனியாக மார்க் இல்லைதான். 1/2-க்கு முன்னால் ஒரு கழித்தல் குறி இல்லாமல் போகிற மார்க்கை யார் தருவார்கள்?