ஒரே வாக்கியத்தில் நான்கு தயக்கங்கள்

ஆங்கிலத்தில் எழுதிய ஆய்வுக் கட்டுரைகளைத் திருத்திக் கொடுப்பது என் பிழைப்பு. அதில் திரும்பத் திரும்பக் கையில் மாட்டும் ஒரு வகை வாக்கியத்தைத் தமிழில் சொன்னால் இப்படி இருக்கும்: "முருங்கையிலைச் சாறு ரத்தச் சர்க்கரையைக் குறைக்கக்கூடிய சாத்தியம் இருக்கலாம் என்று இம்முடிவுகள் உணர்த்துவதாகத் தோன்றுகிறது." ஆங்கில மூலத்தில் அப்பியர், சஜஸ்ட், மே, பொட்டென்ஷியல் என்ற நான்கு தயக்கச் சொற்களும் இருக்கும். படித்து முடித்தால் சர்க்கரை குறைந்ததா இல்லையா என்பதே புரியாது. பக்கத்து அட்டவணையில் பார்த்தால் நன்றாகவே குறைந்திருக்கும்!

இந்த வாக்கியத்தை யாரும் ஒரே மூச்சில் எழுதுவதில்லை. மாணவர் முதலில் 'சஜஸ்ட்' என்று எழுதுகிறார். நெறியாளர் "கொஞ்சம் ஜாக்கிரதையா எழுதுப்பா" என்று 'மே' சேர்க்கிறார். ஜர்னலுக்குப் போனதும் ரிவ்யூவர் "முடிவுகளை மிகைப்படுத்தாதீர்கள்" என்று ஒரு வரி எழுதுகிறார். அவர் எதைச் சொன்னார் என்று யாரும் யோசிப்பதில்லை. 'பொட்டென்ஷியல்' ஒன்றைச் சொருகி, "தங்கள் ஆலோசனைப்படி திருத்திவிட்டோம்" என்று பதில் கடிதம் போய்விடுகிறது. ரிவ்யூவர் கேட்டது பெரும்பாலும் வேறு: கட்டுப்பாட்டுக் குழு என்ன ஆனது, மனிதர்களைப் பற்றி ஏன் பேசுகிறீர்கள் என்பது போன்ற கேள்விகள். அவற்றுக்குப் பதில் சொல்வதைவிட ஒரு 'மே' மலிவு.

இதே வாக்கியத்தைப் பிரித்துப் பார்க்கலாம். இந்த வகைச் சோதனையின் வழக்கமான அமைப்பையே எடுத்துக்கொள்வோம். ஸ்ட்ரெப்டோசோட்டோசின் ஊசி போட்டு எலிகளுக்குச் சர்க்கரை நோய் உண்டாக்குகிறார்கள். அந்த மருந்து கணையத்தில் இன்சுலின் சுரக்கும் பீட்டா செல்களை அழிக்கும். பிறகு குழுவுக்கு ஆறு எலி என்று பிரித்து, ஒரு குழுவுக்கு 28 நாள் சாறு, இன்னொன்றுக்கு ஒன்றும் இல்லை, மற்றொன்றுக்குச் சர்க்கரை நோய்க்கு வழக்கமாகக் கொடுக்கும் கிளிபென்கிளமைடு மாத்திரை. கடைசியில் வெறும் வயிற்றுச் சர்க்கரையை அளக்கிறார்கள். சாறு குடித்த குழுவில் அளவு குறைவாக இருக்கிறது, புள்ளியியல் சோதனையிலும் அந்த வித்தியாசம் தேறிவிட்டது என்று வைத்துக்கொள்வோம்.

இப்போது எது நிச்சயம்? அந்த எலிகளில், அந்த அளவுச் சாற்றில், 28 நாளில் சர்க்கரை குறைந்தது. இதற்கு 'இருக்கலாம்' தேவையே இல்லை. நடந்து முடிந்ததை அளந்து எழுதியிருக்கிறார்கள், "குறைந்தது" என்றே சொல்லலாம். எது நிச்சயமில்லை? ஏன் குறைந்தது என்பது. பீட்டா செல்கள் கொஞ்சம் பிழைத்திருக்கலாம். குடலில் சர்க்கரை உறிஞ்சப்படுவது மெதுவாகியிருக்கலாம். சாறு குடித்த எலிகள் இரை எடுப்பதைக் குறைத்திருந்தால், சாற்றுக்கு நேரடியாக எந்தப் பங்கும் இல்லாமலே கூட அளவு இறங்கியிருக்கலாம். இன்சுலினையும் அளக்கவில்லை, இரையையும் எடை போடவில்லை என்றால் இந்த மூன்றில் எது என்று அந்த ஆய்வால் சொல்ல முடியாது. 'மே' உட்கார வேண்டிய இடம் இதுதான்.

ஆக, ஒரு வாக்கியம் இரண்டாகிறது. முதலாவதில் எந்தத் தயக்கமும் இல்லை: "ஸ்ட்ரெப்டோசோட்டோசின் கொடுத்த எலிகளில், 28 நாள் சாறு பெற்ற குழுவின் வெறும் வயிற்றுச் சர்க்கரை, பெறாத குழுவைவிடக் குறைந்தது." இரண்டாவதில் தயக்கமும் உண்டு, அதற்கான காரணமும் உண்டு: "இது பீட்டா செல்கள் வழியாக நடந்திருக்கலாம், ஆனால் இன்சுலினையோ இரை அளவையோ அளக்காததால் மற்றக் காரணங்களை விலக்க முடியவில்லை." அடுத்து ஆராய வருபவர் எதை அளக்க வேண்டும் என்பதுகூட இதில் வந்துவிட்டது. நான்கு தயக்கங்கள் கொண்ட பழைய வாக்கியத்தில் அது எங்கே இருந்தது?

தயக்கச் சொல் எத்தனை இருந்தால் அதிகம் என்று கேட்பவர்களுக்கு என் கணக்கு சுலபமானது. ஒரு கூற்றுக்கு ஒன்று. இரண்டாவது வேண்டுமென்றால் அது வேறொரு சந்தேகத்தைச் சொல்ல வேண்டும். 'சஜஸ்ட்' என்பது தரவுக்கும் முடிவுக்கும் நடுவில் இடைவெளி இருக்கிறது என்கிறது. அந்த இடைவெளிக்கே மறுபடி 'மே' போட்டால் புதிதாக எதுவும் சொன்னதாகாது. தவிர, வெறும் 'மே'யை யாராலும் மறுக்க முடியாது. "குறைக்கலாம்" என்றால் "குறைக்காமலும் போகலாம்" என்பதும் அதற்குள் அடக்கம். நாளைக்கு எந்த முடிவு வந்தாலும் அந்த வாக்கியம் தப்பித்துக்கொள்ளும். தப்பித்துக்கொள்ளத்தான் அதை எழுதுகிறார்கள் என்பது என் சந்தேகம். (இதற்கு நான் 'சந்தேகம்' போடுவது நியாயம். யாருடைய மனதையும் அளந்து பார்த்ததில்லை.)

வேடிக்கை என்னவென்றால், டிஸ்கஷன் பகுதி முழுக்க இப்படிப் பம்மிப் பம்மி எழுதிய அதே கட்டுரையின் தலைப்பில் "முருங்கையிலைச் சாறு சர்க்கரையைக் குறைக்கிறது" என்று அடித்துவிட்டிருப்பார்கள். "குறைந்தது" என்பது "குறைக்கிறது" ஆனதுமே, அந்த எலிகளின் கதை எல்லா உயிர்களுக்குமான விதியாகிவிடுகிறது. ஆங்கிலத்திலும் இதேதான். இறந்த காலத்திலிருந்து நிகழ்காலத்துக்குத் தாவுவதுதான் பெரிய மிகைப்படுத்தல், ஆனால் அதை யாரும் பார்ப்பதில்லை. தலைப்பில் 'எலிகளில்' என்ற ஒரு சொல் இருந்திருந்தால், உள்ளே இருக்கும் இருபது 'மே'யைவிட அது அதிகம் செய்திருக்கும். 2019இல் ட்விட்டரில் ஒருவர் இதற்கென்றே ஒரு கணக்குத் தொடங்கினார். மருத்துவச் செய்திகளைப் பகிர்ந்து, கூடவே 'எலிகளில்' என்று மட்டும் போடுவார். அவ்வளவுதான் அந்தக் கணக்கின் வேலை.

எல்லையைச் சொல்வதுதான் உண்மையான எச்சரிக்கை என்பதற்கு எனக்குத் தெரிந்து மிகக் கசப்பான உதாரணம் 1980 ஜனவரியில் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் வந்த ஒரு குட்டிக் கடிதம். ஐந்தே வாக்கியங்கள். பாஸ்டனைச் சேர்ந்த மருந்துக் கண்காணிப்புத் திட்டத்தின் பதிவுகளைப் பார்த்தவர்கள் எழுதியது. மருத்துவமனையில் சேர்க்கப்பட்டு, ஓபியாய்டு எனப்படும் மார்ஃபின் வகை வலி மருந்து பெற்றவர்கள் 11,882 பேர். அவர்களில், முன்பு அடிமைப் பழக்கம் இல்லாமல் பிறகு அடிமையானதாக ஓரளவு உறுதியான பதிவு இருந்தது நான்கு பேருக்குத்தான். மருத்துவமனைகளில் இம்மருந்துகள் பரவலாகப் புழங்கினாலும், முன்பழக்கம் இல்லாத நோயாளிகள் அடிமையாவது அரிது என்று முடித்திருந்தார்கள்.

அந்த முடிவில் 'மே'யும் இல்லை, 'சஜஸ்ட்'டும் இல்லை. ஆனால் இரண்டு வேலிகள் இருந்தன: மருத்துவமனைக்குள், முன்பழக்கம் இல்லாதவர்களுக்கு. பின்னால் எடுத்தாண்டவர்கள் அந்த வேலியைத்தான் பிடுங்கினார்கள். 2017இல் கனடா ஆய்வாளர்கள் அந்தக் கடிதத்தை மேற்கோள் காட்டிய 608 கட்டுரைகளைத் தேடி எடுத்துப் பார்த்தார்கள். சுமார் 72 சதவீதம் அதை "அடிமையாவது அரிது" என்பதற்கு ஆதாரமாகக் காட்டியிருந்தன. சுமார் 81 சதவீதம், அந்த நோயாளிகள் மருத்துவமனையில் இருந்தவர்கள் என்பதையே சொல்லவில்லை. வீட்டில் உட்கார்ந்து மாதக்கணக்கில் வலி மாத்திரை விழுங்குபவருக்கும் அதே வாசகம் பொருந்துவதாக ஆகிவிட்டது. வட அமெரிக்காவில் அப்புறம் ஓபியாய்டு அடிமைப் பழக்கம் கொள்ளைநோய் போலப் பரவியது தெரிந்ததே. முழுப் பழியையும் ஒரு கடிதத்தின் தலையில் போட முடியாது, ஆனால் அதற்கு ஒரு பங்கு இருந்தது.

அந்த மேற்கோள்களில் "அரிதாக இருக்கலாம்" என்று யாராவது ஒரு 'மே' சேர்த்திருந்தால் எதுவும் மாறியிருக்குமா? எனக்குத் தோன்றவில்லை. 'மருத்துவமனையில்' என்ற ஒரு சொல்லை விடாமல் வைத்திருந்தால் மாறியிருக்கலாம்.

தயக்கச் சொற்களே வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. அவற்றை ஒழுங்காகப் புழங்கும் இடம் ஒன்று தெரியும்: ஐநாவின் காலநிலைக் குழுவான ஐபிசிசி. மனிதச் செயலால் பூமி சூடாகிறதா என்ற ஒரே கேள்விக்கு அவர்கள் அறிக்கைகளில் சொற்கள் ஏறிய படிகளைப் பாருங்கள். 1995இல் "ஆதாரங்களை நிறுத்துப் பார்த்தால் மனிதத் தாக்கம் தென்படுவதாக உணர்த்துகின்றன" என்ற அளவில்தான் இருந்தது, அங்கே 'சஜஸ்ட்' இருந்தது. 2001இல் 'லைக்லி'. அதற்கு அவர்கள் வைத்த பொருள் 66 சதவீதத்துக்கு மேல் வாய்ப்பு. 2007இல் 'வெரி லைக்லி', 90க்கு மேல். 2013இல் 'எக்ஸ்ட்ரீம்லி லைக்லி', 95க்கு மேல். 2021இல் தயக்கமே போய், ஐயத்துக்கு இடமில்லை என்று எழுதிவிட்டார்கள். ஆதாரம் கூடக்கூடச் சொல்லும் நகர்ந்தது. நம் ஆய்வேடுகளில் ஆதாரம் எவ்வளவு இருந்தாலும் 'மே' அதே இடத்தில்தான் உட்கார்ந்திருக்கும்.

ஐபிசிசி முறைக்கும் ஒரு குறை உண்டு. பொதுமக்களிடம் அந்த வாக்கியங்களைக் கொடுத்துச் சோதித்து 2009இல் ஒரு ஆய்வு வந்தது. 'வெரி லைக்லி' என்பதைப் பலர் 90க்கு வெகு கீழேதான் புரிந்துகொண்டார்கள். சொல்லை மட்டும் நம்பினால் அவரவர் மனதில் அவரவர் எண். ஆகவே எண் தெரிந்தால் எண்ணையே எழுதிவிடுவது நல்லது. முருங்கைச் சோதனையிலும் சராசரி வித்தியாசத்தையும், அது எதிலிருந்து எதுவரை இருக்கக்கூடும் என்று காட்டும் நம்பக இடைவெளியையும் எழுதிவிட்டால், தயக்கம் எவ்வளவு என்பதை அந்த இடைவெளியின் அகலமே சொல்லும்.

இதெல்லாம் ஆங்கிலத்தில் எழுதுகிறவர்கள் பாடு என்று தமிழ்த்துறை நண்பர்கள் சிரிக்க வேண்டாம். உங்களிடம் 'எனலாம்' இருக்கிறது. கூடவே 'என்று கூறலாம்', 'எனக் கருத இடமுண்டு'. அடக்கம் என்று இதற்குச் சமாதானம் சொல்வார்கள். அவையடக்கம் காப்பியத்தின் தொடக்கத்தில் ஒருமுறை வரும். பாட்டுக்குப் பாட்டு வராது.

"ஐங்குறுநூற்றில் திணைக்கு நூறு பாடல்கள் உள்ளன எனலாம்" என்ற வகை வாக்கியங்களைப் பார்த்திருக்கிறேன். எண்ணிப் பார்க்கக்கூடிய விஷயத்துக்கு எதற்கு 'எனலாம்'? எண்ணிப் பார்த்தால்தானே தெரியும், நெய்தல் பகுதியில் 129, 130 ஆகிய இரண்டு பாடல்கள் கிடைக்கவில்லை என்பது. இன்று கையில் இருப்பவை 498. "திணைக்கு நூறாக ஐந்நூறு பாடல்கள் கொண்ட தொகை, நெய்தலில் இரண்டு கிடைக்கவில்லை" என்று எழுதினால் 'எனலாம்' தானாகவே கழன்றுவிடும். அந்த இரண்டும் எப்படித் தொலைந்தன என்று ஊகிக்கப் போகிறீர்களா, அங்கே தாராளமாகப் போடுங்கள்.